நின்றதிலிருந்தா, தொடங்கியதிலிருந்தா? சமையலறை ஊழியரை நோய்க்காக வீட்டுக்கு அனுப்பும் விதியில் நாள் கணக்கு

அமெரிக்காவில் ஓர் உணவகத்தின் பொறுப்பாளராக இருக்க வேண்டுமென்றால், பெரும்பாலான இடங்களில் உணவுப் பாதுகாப்பு மேலாளர் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இட்லிக் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. தேர்வில் பெரும்பகுதி வெப்பநிலை, கைகழுவல், சேமிப்பு என்று நேராகப் போகும். பலரும் தடுமாறுவது சூழ்நிலைக் கேள்விகளில்தான்: “சமையல்காரருக்கு நேற்று வயிற்றுப்போக்கு, இன்று பரவாயில்லை என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?” “பாத்திரம் கழுவுபவரின் கண் மஞ்சளாக இருக்கிறது. அவரை எங்கே வேலைக்கு வைக்கலாம்?”

24 மணி நேரம், 48 மணி நேரம், 7 நாள், 14 நாள், 30 நாள் என்று எண்கள் மட்டும் மனப்பாடமாக இருந்தால் கேள்வி சற்றுத் திரும்பியதும் விடை நழுவிவிடும். ஒவ்வொரு எண்ணும் ஏன் வந்தது, எந்த நொடியிலிருந்து அதை எண்ண வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

## விதி எங்கே இருக்கிறது

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்.டி.ஏ., ‘ஃபுட் கோடு’ என்ற மாதிரி விதித்தொகுப்பை வெளியிடுகிறது. முதல் பதிப்பு 1993-இல் வந்தது. கடைசி முழுப் பதிப்பு 2022-இல் வந்தது. இது தானாகவே சட்டம் ஆகிவிடாது. ஒவ்வொரு மாநிலமும் ஏதாவது ஒரு பதிப்பை ஏற்று, தனக்கு வேண்டிய மாற்றங்களோடு சட்டமாக்கிக்கொள்கிறது. அதனால் உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறையின் விதி ஓரிடத்தில் கடுமையாக இருக்கலாம். தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் ஃபுட் கோடின் இரண்டாம் அத்தியாயத்தை ஒட்டியே வரும்.

அந்த அத்தியாயத்தின்படி ஊழியர் தன் பொறுப்பாளரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய அறிகுறிகள் ஐந்து: வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, காய்ச்சலோடு கூடிய தொண்டைவலி, சீழ் பிடித்த திறந்த புண். இவற்றோடு, மருத்துவர் உறுதிசெய்தால் சொல்லியே ஆக வேண்டிய தொற்றுகள் ஆறு: நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ, ஷிகெல்லா, ஷிகா நச்சு உண்டாக்கும் ஈ.கோலை, டைபாய்டு, டைபாய்டு அல்லாத சால்மொனெல்லா. ஆறுமே மலத்தின் வழியாக வெளியேறி, கை வழியாக உணவுக்கு வந்து, அடுத்தவர் வாய்க்குப் போகக்கூடியவை.

## இரண்டு சொற்கள்: விலக்குவது, கட்டுப்படுத்துவது

விடைகளில் பாதி இந்த இரண்டு சொற்களில் தொங்குகிறது.

விலக்குவது என்றால் அந்த ஊழியர் ஊழியராக உணவகத்துக்குள்ளேயே வரக் கூடாது. வேலை எதுவும் கிடையாது. கல்லாவில் உட்காருவதும் கிடையாது.

கட்டுப்படுத்துவது என்றால் உள்ளே வரலாம், ஆனால் மூடப்படாத உணவு, சுத்தமான பாத்திரம், கருவிகள், துணிகள், உறை பிரிக்கப்பட்ட காகிதத் தட்டு, கப் போன்றவற்றின் பக்கம் போகக் கூடாது. கல்லா, வாடிக்கையாளரை மேசைக்கு அழைத்துப் போவது, தரை துடைப்பது, குப்பை எடுப்பது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பாத்திரம் கழுவ அனுப்பலாமா? தேர்வில் இந்த விடை எப்போதும் பட்டியலில் இருக்கும், பார்க்க நியாயமாகவும் இருக்கும். உணவைத் தொடாத வேலைதானே என்று தோன்றும். தவறு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் விலக்குவது மட்டுமே விடை. கையுறை போடச் சொல்வது, முகக்கவசம் கொடுப்பது, கையை அடிக்கடி கழுவச் சொல்வது எல்லாமே தவறான விடைகள்.

இந்தக் கடுமைக்குக் காரணம் நோரோவைரஸ். நூற்றுக்கும் குறைவான துகள்கள் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்க வைத்துவிடும். நோயாளி வெளியேற்றுவதோ கோடிக் கணக்கில். கழிவறைக் குழாயின் கைப்பிடி, கதவுப் பிடி, குளிர்பதனப் பெட்டியின் பிடி என்று அது தொற்றிக்கொண்டே போகும். மதுசாரம் கலந்த கை சுத்திகரிப்பான் இதனிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் ஓரளவு கழுவிவிடும். ஆனால் வயிறு கலங்கியவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓடும்போது, ஒவ்வொரு முறையும் கை முழுமையாகக் கழுவப்பட்டதா என்று யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரும் கழிவறையும் சமையலறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் ஆபத்து. எந்த வேலையைக் கொடுத்தாலும் அது குறையாது.

## வயிற்றுப்போக்கு: நின்ற நேரத்திலிருந்து எண்ணுங்கள்

காரணம் எதுவென்று தெரியாத வயிற்றுப்போக்கு அல்லது வாந்திக்கு விதி எளிது. அறிகுறி முழுதாக நின்று குறைந்தது 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால், இது தொற்றால் வந்ததல்ல என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குடல் அழற்சி நோய், எரிச்சல் குடல், கர்ப்பகால வாந்தி போன்றவை இந்த இரண்டாவது வழியில் வரும்.

எண்ணிக்கை தொடங்குவது கடைசியாக வயிறு போன நேரத்திலிருந்து. விடுப்புச் சொன்ன நேரத்தையோ மாத்திரை போட்ட நேரத்தையோ வைத்து எண்ணக் கூடாது. மறுநாள் காலை என்பது 24 மணி நேரம் ஆகாது. இதை மட்டும் வைத்தே பல கேள்விகளைச் சுற்றி விடுகிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். லோபெரமைடு போன்ற மாத்திரைகள் குடலின் அசைவை மெதுவாக்குகின்றன. போக்கு நிற்கும், கிருமி அப்படியே இருக்கும். சம்பளம் போய்விடுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஊழியரை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். பிரிட்டன் உணவுத் தர முகமையின் வழிகாட்டி இதை நேரடியாகவே பேசுகிறது. அங்கே காத்திருக்க வேண்டியது 48 மணி நேரம், அதுவும் மருந்தை நிறுத்திய பிறகு எண்ண வேண்டும். லண்டனில் கடை வைத்திருக்கும் உறவினர் “நாற்பத்தெட்டு” என்பதும், நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி “இருபத்துநாலு” என்பதும் இப்படித்தான் வருகிறது. இரண்டும் அவரவர் நாட்டில் சரி. எந்த நாட்டுத் தேர்வை எழுதுகிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க விதியிலும் 48 உண்டு, வேறொரு இடத்தில். மருத்துவர் நோரோவைரஸ் என்று உறுதிசெய்துவிட்டால், அறிகுறி நின்று 48 மணி நேரம் தாண்ட வேண்டும். ஆக, கேள்வியில் ‘நோய் உறுதியானது’ என்ற சொல் இருக்கிறதா, அறிகுறி மட்டும்தானா என்று பாருங்கள். அந்த ஒரு சொல் விடையை மாற்றிவிடும்.

### ஒரு வாரக் கதையாகப் பார்த்தால்

சாதாரண உணவகம் ஒன்றில் தோசைக் கல்லில் நிற்பவர். கற்பனைதான், பெயர் வேண்டாம்.

1. வெள்ளி இரவு 9 மணிக்கு வயிற்றுப்போக்கு தொடங்குகிறது. பொறுப்பாளர் உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரவு உணவு நேரம் முடியட்டும் என்று நிறுத்திவைக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில் சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

2. சனி காலை அவர் மருத்துவரைப் பார்க்கிறார். மலப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கிறார். மதியம் 2 மணிக்குக் கடைசியாக ஒரு தடவை போகிறது. அப்புறம் இல்லை.

3. ஞாயிறு காலை 11 மணிக்கு அவருடைய வேலை நேரம். “இப்போ நல்லா இருக்கேன்” என்கிறார். 21 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. விடக் கூடாது. மதியம் 2 மணிக்குப் பிறகு, இடையில் மறுபடியும் எதுவும் இல்லையென்றால், வரலாம். ஞாயிறு மாலை வந்து வேலை பார்க்கிறார். விதிப்படி இதில் தவறில்லை.

4. திங்கள் காலை பரிசோதனை முடிவு வருகிறது: ஷிகெல்லா.

இந்த இடத்தில்தான் கணக்கே மாறுகிறது. ஞாயிறு வரை ‘அறிகுறி மட்டும்’ என்ற பெட்டியில் இருந்தவர், திங்கள் காலை முதல் ‘நோய் உறுதியானவர்’ என்ற பெட்டிக்கு வந்துவிட்டார். அறிகுறி இப்போது இல்லை. 24 மணி நேரமும் தாண்டிவிட்டது. சாதாரண உணவகம் என்பதால் அவரைக் கட்டுப்படுத்தினால் போதும்: தோசைக் கல்லை விட்டு எடுத்து, கல்லாவிலோ வாசலிலோ வைக்கலாம். பொறுப்பாளர் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த ஆறு தொற்றுகளில் ஒன்று உறுதியாகிவிட்டது.

அவர் மறுபடியும் மாவைத் தொட இரண்டு வழிகள் உண்டு. அறிகுறி நின்று 7 நாட்களுக்கு மேல் ஆக வேண்டும். சனிக்கிழமை நின்றது, அடுத்த சனி 7 நாள், அதற்கு மறுநாள் ஞாயிறுதான் ‘7 நாளுக்கு மேல்’. இல்லையென்றால் அடுத்தடுத்து இரண்டு மலப் பரிசோதனைகளில் கிருமி இல்லை என்று வர வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் அதை நிறுத்தி 48 மணி நேரம் கழித்தே முதல் மாதிரியை எடுக்க வேண்டும். எந்த வழியானாலும் சுகாதாரத் துறையின் ஒப்புதல் வேண்டும்.

ஈ.கோலைக்கும் இதே கணக்குதான். டைபாய்டு அல்லாத சால்மொனெல்லாவுக்கு நாள்கணக்கு 30 வரை நீளும், ஏனென்றால் அது குடலில் வாரக்கணக்கில் தங்கக்கூடியது. டைபாய்டு உறுதியானால் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த உணவகத்திலும் விலக்கல்தான்.

## யாருக்குச் சமைக்கிறார் என்ற கேள்வி

மேலே உள்ள கதையில் அதே ஆள் முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருந்திருந்தால், திங்களன்று கட்டுப்படுத்துவது போதாது, விலக்க வேண்டும். ஷிகெல்லா, நோரோவைரஸ், ஈ.கோலை ஆகிய மூன்றிலும் அறிகுறி இல்லாத நிலையில் இந்த வேறுபாடு வருகிறது. காய்ச்சலோடு தொண்டைவலி வந்தாலும் அப்படியே: சாதாரண உணவகத்தில் கட்டுப்படுத்தல், முதியோர் இல்லத்தில் விலக்கல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்’ என்று விதி சொல்வது, குழந்தையோ முதியவரோ கடைக்கு வருவதைக் குறித்தல்ல. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அவர்களைப் பராமரிக்கும் இடத்திலேயே உணவு தரப்படுகிறதா என்பதுதான் கேள்வி. மருத்துவமனை, முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் போன்றவை இதில் வரும். ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியோடு குடும்பங்கள் நிறைந்து வழியும் சரவண பவன் மாதிரியான ஓர் உணவகம் வராது. கேள்வியில் ‘முதியவர்கள் அதிகம் வரும் உணவகம்’ என்று போட்டிருந்தால் அவசரப்படாமல் படியுங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்முன் இருக்கும்போது மட்டும் இந்த வேறுபாடு எதுவும் கிடையாது. எந்த இடமானாலும் விலக்கல்தான்.

## காமாலை: தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்

மஞ்சள் காமாலைக்கு வந்தால் கடிகாரம் தலைகீழாகிறது. வயிற்றுப்போக்கில் நின்றதிலிருந்து எண்ணினோம். இங்கே மஞ்சள் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். கண் வெளுக்கும் வரை காத்திருக்கச் சொல்லி விதி கேட்கவில்லை.

காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் நடத்தை. உடலுக்குள் போனபின் 15 முதல் 50 நாள், சராசரியாக 28 நாள், ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தின் கடைசி இரண்டு வாரங்களில், கண் மஞ்சளாவதற்கு முன்பே, மலத்தில் வைரஸ் உச்சத்தில் வெளியேறுகிறது. மஞ்சள் தெரிந்தபின் சுமார் ஒரு வாரத்தில் அது பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால் கண்ணின் மஞ்சள் இன்னும் சில வாரங்கள் நீடிக்கலாம். அதாவது, கண் மஞ்சளாக இருக்கும் நாட்களின் பிற்பகுதி ஆபத்தானதல்ல, கண் வெள்ளையாக இருந்த முந்தைய நாட்கள்தான் ஆபத்தானவை. நம் கண்ணுக்கு இது ஏற்றுக்கொள்ளக் கடினம், ஆனால் விதி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது விதி:

1. கடந்த 7 நாட்களுக்குள் காமாலை வந்திருந்தால் விலக்கு. எந்த உணவகமானாலும், எந்த வேலையானாலும் சரி. ஹெபடைடிஸ் ஏ-யோ மலம் வழியாகப் பரவும் வேறு தொற்றோ இதற்குக் காரணமல்ல என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு.

2. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சுகாதாரத் துறைக்குச் சொல். அறிகுறி ஐந்தில் இந்த ஒன்றுக்கு மட்டும்தான் நோய் உறுதியாகும் முன்பே அறிவிக்கும் கட்டாயம் உண்டு.

3. திரும்பி வர, காமாலை தொடங்கி 7 நாட்களுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சுகாதாரத் துறை ஒப்புதலும் வேண்டும். சில தேர்வுப் பாடநூல்கள் மருத்துவர் கடிதத்தையும் சேர்த்தே கேட்கின்றன. உங்கள் பாடநூல் அப்படிச் சொன்னால் விடைகளில் இரண்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

4. ஹெபடைடிஸ் ஏ உறுதியாகியும் மஞ்சள் வராதவர்கள் உண்டு. வெறும் காய்ச்சல், குமட்டல், களைப்போடு போய்விடும். அவர்களுக்கு முதல் அறிகுறியிலிருந்து 14 நாட்களுக்கு மேல். மஞ்சள் என்ற அடையாளம் இல்லாததால் விதி கூடுதலாக ஒரு வாரம் கேட்கிறது.

கல்லீரல் சார்ந்து எல்லாக் காமாலையும் ஒன்றல்ல. பித்தப்பைக் கல், பிறவியிலேயே வரும் கில்பர்ட் நிலை, ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும், இவை சாம்பார் வழியாகப் பரவாது. ஆனால் ‘எனக்கு இது அடிக்கடி வரும்’ என்று ஊழியர் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் வேண்டும். ‘மலம் வழியாகப் பரவும் வேறு தொற்று’ என்று விதி சேர்த்துச் சொல்வதில் ஹெபடைடிஸ் இ அடங்கும். நம் ஊரில் குடிநீரில் சாக்கடை கலக்கும்போது கூட்டமாகக் காமாலை வருகிறதே, அதற்குப் பின்னால் பலமுறை இருப்பது இதுதான். ஊருக்குப் போய்த் திரும்பிய ஊழியருக்கு ஹெபடைடிஸ் ஏ இல்லை என்று மட்டும் சீட்டு வந்தால், இதையும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

கீழாநெல்லி அரைத்துக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குடிப்பது அவரவர் விருப்பம். அதனால் நாள்கணக்கு சுருங்காது, மருத்துவர் சீட்டுக்கு அது ஈடாகாது.

மஞ்சளைக் கண்டுபிடிப்பதற்கும் ஓர் இடம் உண்டு. சமையலறையின் மங்கிய மஞ்சள் விளக்கில் அது தெரியவே தெரியாது. பகல் வெளிச்சத்தில், வாசலில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்துவிட்டு வெள்ளைவிழியைப் பாருங்கள். மாநிறத்திலோ கறுப்பிலோ தோலை வைத்து முடிவுக்கு வர முடியாது, விழிதான் காட்டிக்கொடுக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா, மலம் வெளுத்திருக்கிறதா, கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதா என்று தனியாக அழைத்துக் கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டால் உண்மை வராது.

## ஐந்து நாள் தாமதம் எவ்வளவு விலை

காமாலையை மட்டும் ஏன் உடனே அறிவிக்க வேண்டும் என்பதை ஒரு தேதிக் கணக்கு காட்டிவிடும்.

சட்னி அரைக்கும் ஒருவர். அக்டோபர் 3 அன்று காய்ச்சல், பசியின்மை. வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார், ஏனென்றால் காய்ச்சல் மட்டும் அந்த ஐந்து அறிகுறிகளில் இல்லை. அக்டோபர் 8 அன்று கண் மஞ்சள். அன்றே விலக்கப்படுகிறார். அக்டோபர் 15-இல் 7 நாள், ‘7 நாளுக்கு மேல்’ என்றால் அக்டோபர் 16. அன்று சுகாதாரத் துறை ஒப்புதல் கொடுத்தால் வரலாம், கண்ணில் லேசாக மஞ்சள் மிச்சமிருந்தாலும்கூட. மஞ்சளே வராமல் நோய் மட்டும் உறுதியாகியிருந்தால் அக்டோபர் 3-இலிருந்து எண்ணி, 18 ஆகியிருக்கும்.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். சுகாதாரத் துறை பொதுவாக மஞ்சளுக்கு முந்தைய 14 நாட்களைத் தொற்றுக் காலமாக எடுத்துக்கொள்ளும். அதாவது செப்டம்பர் 24 முதல் அவர் அரைத்த சட்னியைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் சந்தேக வட்டத்துக்குள். அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: கிருமி உள்ளே போன 14 நாட்களுக்குள் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது. செப்டம்பர் 24 அன்று சாப்பிட்டவருக்கு அந்த வாய்ப்பு அக்டோபர் 8 வரை. மஞ்சள் தெரிந்த அதே நாள்.

பொறுப்பாளர் 8-ஆம் தேதியே சொன்னால், செப்டம்பர் 24 அன்று வந்தவர் உட்பட யாரும் கணக்கிலிருந்து தப்பவில்லை. ‘பரிசோதனை முடிவு வரட்டும், வீணாகக் கடை பெயர் கெடும்’ என்று 13-ஆம் தேதி வரை பேசாமல் இருந்தால், செப்டம்பர் 24 முதல் 28 வரை அங்கே சாப்பிட்ட அத்தனை பேருக்கும் தடுப்பூசியின் காலம் கடந்துபோகிறது. ஐந்து நாள் மௌனம், ஐந்து நாள் வாடிக்கையாளர்கள். அவர்களில் யாருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருக்கிறது, யார் எழுபது வயதுக்காரர் என்று நமக்குத் தெரியாது. பெயர் கெடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் அந்தப் பயத்துக்கு இடம் கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

## சூழ்நிலைக் கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் முறை

கேள்வியைப் படித்ததும் விடைகளுக்குப் போகாமல் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: அறிகுறி இப்போது இருக்கிறதா, மருத்துவர் பெயர் சொல்லி உறுதிசெய்த நோயா, யாருக்குச் சமைக்கிறார், கடிகாரம் எந்த நேரத்தில் தொடங்குகிறது. சில கேள்விகளில் இதைப் போட்டுப் பார்ப்போம்.

1. குழந்தைகள் காப்பகச் சமையல்காரர். வீட்டில் மகளுக்கு நோரோவைரஸ் உறுதியாகியிருக்கிறது. இவருக்கு ஒன்றுமில்லை. இவர் நோயாளி அல்ல, நோயாளியோடு இருந்தவர். காப்பகம் என்பதால் கடைசியாகத் தொடர்பு ஏற்பட்டதிலிருந்து 48 மணி நேரம் கட்டுப்படுத்த வேண்டும். சாதாரண உணவகமாக இருந்தால் வேலை பார்க்கலாம், ஆனால் அறிகுறி என்னென்ன, வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று பொறுப்பாளர் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

2. அதே காப்பகம். கணவருக்கு ஹெபடைடிஸ் ஏ. மனைவி அங்கே சமைக்கிறார், தடுப்பூசி போட்டதற்கான பதிவு இருக்கிறது. தடுப்பூசி இல்லையென்றால் 30 நாள் வரை கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். எதிர்ப்பாற்றல் இருப்பதற்கு ஆதாரம் இருப்பதால் வேண்டியதில்லை. கேள்வியில் அந்தத் தடுப்பூசி வரியைச் சும்மா போட்டிருக்க மாட்டார்கள்.

3. பரிமாறுபவர் காலை 8 மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தார். 9 மணிக்கு மருத்துவரைப் பார்த்தார். ‘கர்ப்பகால வாந்தி, தொற்று அல்ல’ என்று சீட்டு. 11 மணிக்கு வேலைக்கு வந்து நிற்கிறார். வரலாம். 24 மணி நேரம் வேண்டாம். எழுத்தில் காரணம் வந்துவிட்டது.

4. பாத்திரம் கழுவுபவருக்கு மூன்று நாட்களாகக் கண் மஞ்சள். ‘உடம்பு தெம்பாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, வயிறும் சரியாக இருக்கிறது’ என்கிறார். விடைகள்: கல்லாவுக்கு மாற்றுவது, கையுறையோடு தொடர விடுவது, 24 மணி நேரம் வீட்டில் இருக்கச் சொல்வது, விலக்கி, சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது. முதல் விடை கட்டுப்படுத்தல், காமாலைக்கு அது கிடையாது. மூன்றாவது வயிற்றுப்போக்கின் கணக்கைக் காமாலைக்குப் போட்டிருக்கிறது. நான்காவதுதான் சரி. அவர் தெம்பாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாம் நாளில் வைரஸ் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கலாம், அவர் சென்ற இரண்டு வாரங்களாகக் கழுவி அடுக்கிய தட்டுகளில் யார் யார் சாப்பிட்டார்கள் என்பதைச் சுகாதாரத் துறை தேடத் தொடங்க வேண்டியிருக்கும்.